வண்டியும் சரக்கும் முதலாகும்போது

கூட்டு வியாபாரம் தொடங்கும்போது இருவரும் ரொக்கமாகவே முதல் போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் முதல் எந்த வடிவில் வர வேண்டும் என்பதைப் பற்றி வாயே திறப்பதில்லை. ஒருவர் வங்கிக் கணக்கிலிருந்து பணத்தை மாற்றலாம். இன்னொருவர் தன்னிடமுள்ள சரக்கு வண்டியையும் கடையிலிருக்கும் சரக்கையும் கொண்டுவந்து சேர்க்கலாம். சேர்க்கும் அன்று அவற்றுக்கு இன்ன தொகை என்று கூட்டாளிகள் பேசி முடிவு செய்கிறார்கள். அந்தத் தொகைதான் ஒப்புக்கொண்ட மதிப்பு. கொண்டுவந்தவரின் முதல் கணக்கில் அது வரவாக ஏறுகிறது; அன்றிலிருந்து கணக்கேட்டைப் பொறுத்தவரை அவர் அந்தத் தொகையை ரொக்கமாகப் போட்டவர்தான்.

2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைக்கப்படும் வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மையில், அதாவது எல்எல்பியில், பொருளாக வரும் முதலைப் பட்டயக் கணக்காளரோ செலவுக் கணக்காளரோ அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டாளரோ மதிப்பிட வேண்டும் என்று விதி இருக்கிறது. சாதாரணக் கூட்டாண்மையில் அந்தக் காவல் கிடையாது. இரண்டு கூட்டாளிகள் மேசையின் இருபுறமும் உட்கார்ந்து சொல்லும் எண்ணே கடைசி எண். ஆகவே அந்த எண்ணில் பிழை இருந்தால் அதை வெளியிலிருந்து யாரும் திருத்தப் போவதில்லை. அது எந்த வழியாக யார் பையிலிருந்து யார் பைக்குப் போகிறது என்பதுதான் இந்த ஏற்பாட்டில் ஆராய வேண்டிய இடம்.

பேச எளிதாக ஒரு ஹார்டுவேர் மற்றும் பெயின்ட் கடையைக் கற்பனை செய்துகொள்ளலாம். தமிழ்நாட்டின் நடுத்தர நகரம் ஒன்றில் ஒருவர் தனியாளாக நடத்திவந்த கடை அது. 2024 ஏப்ரல் 1ஆம் தேதி அவர் இன்னொருவரைச் சேர்த்துக்கொண்டு கூட்டாண்மையாக மாற்றுகிறார். புதியவர் 5,00,000 ரூபாய் ரொக்கம் போடுகிறார். கடைக்காரரிடம் ரொக்கம் இல்லை. ஆனால் ஒரு குட்டியானை இருக்கிறது, கடை நிறையச் சரக்கு இருக்கிறது. இலாப நட்டம் சரிபாதி. முதலும் சமமாக இருக்க வேண்டும் என்பது இருவர் விருப்பம்.

வண்டிக்கு மூன்று விலைகள் இருந்தன. 2021 ஏப்ரலில் வாங்கியபோது 5,20,000 ரூபாய். கடைக்காரரின் வருமான வரிக் கணக்கில் ஆண்டுக்கு 15 சதவீதம் தேய்மானம் கழிந்து, மூன்று ஆண்டு முடிவில் 3,19,345 ரூபாய் நின்றது. பழைய வண்டி புரோக்கர்களிடம் விசாரித்தால் டயரையும் பாடியையும் பார்த்துவிட்டு 3,00,000 வரை போகும் என்றார்கள். கடைக்காரர் மனத்தில் நான்காவதாக ஒரு விலையும் இருந்தது: 3,40,000. போன வருடம்தான் எஞ்சின் வேலை பார்த்தது, புது பேட்டரி போட்டது எல்லாம் அதில் சேர்த்தி.

இந்த நான்கில் ஒப்புக்கொள்ள வேண்டியது சந்தை விலைதான். வாங்கிய விலை பழைய கதை. தேய்மானம் போக மீதி என்பது வரிச் சட்டம் வைத்த ஒரு சதவீதத்தின் விளைவே ஒழிய வண்டியைப் பார்த்துச் சொன்ன விலையன்று. சில வண்டிகளுக்கு அது சந்தை விலைக்கு மேலே நிற்கும், சிலவற்றுக்குக் கீழே கிடக்கும். எஞ்சின் வேலைக்கும் பேட்டரிக்கும் செலவழித்த பணம் வண்டியை ஓடும் நிலையில் வைத்தது. புரோக்கர் சொன்ன விலையே ஓடும் வண்டிக்கான விலை என்பதால் அதைத் தனியாகக் கூட்டினால் இரட்டிப்பாகும். நிறுவனம் அதே தேதியில் அதே மாதிரி வண்டியை வெளியில் வாங்கியிருந்தால் என்ன கொடுத்திருக்கும் என்று கேட்டால் போதும். நம் கடையில் 3,00,000 என்று முடிந்தது.

வண்டியின் பேரில் வங்கிக் கடன் 70,000 ரூபாய் பாக்கி இருந்தது. இதை இனி நிறுவனமே கட்டும் என்று பேச்சு. அப்படியானால் கடைக்காரர் வண்டி மூலம் கொண்டுவந்த முதல் 3,00,000 அன்று, 2,30,000தான். பழைய வண்டியைக் கடனோடு கொண்டுவரும் இடங்களில் இதைத்தான் அதிகம் பேர் கோட்டைவிடுகிறார்கள். வண்டியின் முழு மதிப்பும் முதல் கணக்கில் ஏறிவிடும். தவணை மட்டும் மாதாமாதம் நிறுவனத்தின் வங்கிக் கணக்கிலிருந்து போய்க்கொண்டிருக்கும். ஒரே வண்டிக்கு அவர் இரண்டு தடவை வரவு வாங்கியதாகிவிடும்.

சரக்கில் சிக்கல் வேறு வகை. வண்டி ஒன்று, சரக்கோ சில ஆயிரம் உருப்படிகள். கடைக்காரர் கொள்முதல் பில்களை வைத்துத் தயாரித்த பட்டியல் 3,40,000 ரூபாய் காட்டியது. பட்டியலை அப்படியே ஒப்புக்கொள்வது நாகரிகம்போலத் தோன்றும். ஆனால் பட்டியல் சொல்வது வாங்கியது என்ன என்பதை. அலமாரி சொல்வது இருப்பது என்ன என்பதை. ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையை மூடி எண்ண வேண்டியிருந்தது.

பெயின்ட் அலமாரியிலிருந்து தொடங்கினால் விஷயம் சீக்கிரம் பிடிபடும். பேஸ் டின்னில் மிஷின் வைத்துக் கலர் கலந்து கொடுக்கும் கடைகளில், வாடிக்கையாளர் ‘ஷேடு ஒத்துவரவில்லை’ என்று திருப்பிக் கொடுத்த டின்கள் பின்வரிசையில் சேர்ந்துகொண்டே இருக்கும். அவற்றை இனி அந்த விலைக்கு யாரும் வாங்கப் போவதில்லை. பிரைமருக்குப் பதிலாக உள்சுவருக்கு அடிக்க யாராவது மலிவாக எடுத்தால் உண்டு. சில டின்களை ஆட்டிப் பார்த்தால் உள்ளே சத்தமே வராது, கெட்டியாகிவிட்டிருக்கும். பிவிசி பைப் ஒட்டும் பசை டப்பாக்களிலும் அதே நிலை. இப்படிப்பட்டவை பட்டியலில் 46,000 ரூபாய்க்கு இருந்தன. பத்தாயிரத்துக்கு மேல் தேறாது என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள். அடுத்து, பழைய மாடல் பாத்ரூம் குழாய்கள் 30,000 ரூபாய்க்கு. கம்பெனி அந்த மாடலையே நிறுத்திவிட்டதால் உதிரி கிடைக்காது, பாதி விலைக்குத்தான் போகும். மூன்றாவது வெறும் எண்ணிக்கைக் குறைவு: சாக்கில் கிடக்கும் ஜிஐ எல்போ, டீ, கப்ளிங் போன்ற சின்னச் சாமான்களும் பிரஷ்களும் பட்டியலைவிட 19,000 ரூபாய்க்குக் குறைந்தன. திருட்டாகவும் இருக்கலாம், பில் போடாமல் விற்றதாகவும் இருக்கலாம். புதுக் கூட்டாளிக்கு அந்த ஆராய்ச்சி தேவையில்லை. இல்லாத பொருளுக்கு விலை இல்லை.

பட்டியலின் 3,40,000 ரூபாயிலிருந்து 36,000, 15,000, 19,000 கழிந்து 2,70,000 நின்றது. இதில் இன்னொரு கண்ணி உண்டு. கடைக்காரர் ஜிஎஸ்டி பதிவு பெற்றவர். அவர் கொள்முதலில் கட்டிய வரியை உள்ளீட்டு வரி வரவாக ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருப்பார். 18 சதவீத வரியுள்ள சாமானுக்கு 1,18,000 ரூபாய் பில் இருந்தால் அதில் சரக்கின் அடக்க விலை ஒரு லட்சம்தான். பட்டியல் வரியும் சேர்ந்த பில்லின் மொத்தத் தொகையை வைத்துப் போடப்பட்டிருந்தால், வரியை அரசிடமிருந்து ஒரு தடவையும் கூட்டாளியிடமிருந்து இன்னொரு தடவையும் வசூலித்ததாக ஆகும். நம் கடைக்காரரின் பட்டியல் வரி நீங்கிய விலையில் இருந்தது.

ஆக முதல் நாள் குறிப்பேட்டுப் பதிவு இப்படி அமைகிறது: வாகனக் கணக்கு பற்று 3,00,000; சரக்கிருப்புக் கணக்கு பற்று 2,70,000; வங்கி வாகனக் கடன் வரவு 70,000; கடைக்காரர் முதல் கணக்கு வரவு 5,00,000. ரொக்கம் கொண்டுவந்தவருக்கு வங்கிக் கணக்கு பற்று 5,00,000, அவர் முதல் கணக்கு வரவு 5,00,000. இருவர் முதலும் சமமாகிவிட்டது. உண்மையில் இவ்வளவு சரியாகச் சமமாவது அபூர்வம்; மிச்சம் இருந்தால் ரொக்கமாகப் போட்டோ எடுத்தோ சரி செய்துகொள்வார்கள், அல்லது முதல் சமமில்லாமலேயே விட்டுவிட்டு அதற்கு வட்டி வைத்துக்கொள்வார்கள்.

இனி, எண்ணிப் பார்க்காமல் கடைக்காரர் கேட்ட விலையையே ஒப்புக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வண்டி 3,40,000, சரக்கு 3,40,000, கடன் போக அவர் முதல் 6,10,000. உள்ளதைவிட 1,10,000 அதிகம். இந்த மிகை கணக்கேட்டில் என்றென்றும் தங்காது. இல்லாத சரக்கும் விலைபோகாத சரக்கும் ஒருநாள் வியாபாரக் கணக்கில் நட்டமாக வரும். வண்டிக்கு மேலே போட்ட 40,000 ரூபாய் ஆண்டுதோறும் தேய்மானமாகவும், விற்கும்போது விற்பனை நட்டமாகவும் கழியும். இவை எல்லாம் நிறுவனத்தின் செலவு என்பதால் இலாபப் பங்கின்படி இருவர் தலையிலும் பாதிப் பாதி விழும். கடைக்காரருக்கு முதல் கணக்கில் 1,10,000 கூடியது. நட்டத்தில் 55,000 போனது. நிகரம் 55,000 இலாபம். ரொக்கம் போட்டவருக்கு அதே 55,000 நட்டம். யாரும் கல்லாவில் கைவைக்கவில்லை. எந்த வவுச்சரும் பொய்யில்லை. பணம் மட்டும் இடம் மாறிவிட்டது.

பங்கு சரிபாதியாக இல்லாவிட்டாலும் கணக்கு இதேதான்: மிகை மதிப்பை மற்றவர்களின் இலாபப் பங்கால் பெருக்கினால் அவர்கள் இழக்கும் தொகை வரும். கொண்டுவந்தவரின் பங்கு சிறியதாக இருக்க இருக்க அவருக்கு ஆதாயம் அதிகம். கால் பங்குக்காரர் ஒரு லட்சம் கூட்டிச் சொன்னால் 75,000 மற்றவர்களிடமிருந்து வருகிறது. சிறிய பங்கோடு பொருளைக் கொண்டுவருபவரின் பட்டியலை இன்னும் ஒரு தடவை எண்ணுவது அதனால்தான் நியாயம்.

முதலுக்கு வட்டி வைத்திருந்தால் இழப்பு இன்னும் விரியும். ஒப்பந்தத்தில் சொல்லாவிட்டால் முதலுக்கு வட்டி இல்லை என்பது சட்டம். சொன்னாலும் இலாபத்திலிருந்து மட்டுமே தர முடியும். நடைமுறையில் 12 சதவீதம் எழுதுவது வழக்கம், ஏனென்றால் கூட்டாளிக்குத் தரும் வட்டியில் 12 சதவீதம் வரையே வருமான வரிச் சட்டம் நிறுவனத்தின் செலவாக ஏற்கிறது. மிகையான 1,10,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 13,200 ரூபாய் வட்டி. அது இலாபத்தைப் பிரிக்கும் முன்பே கழிவதால் அதில் பாதி, 6,600 ரூபாய், ஆண்டுதோறும் ரொக்கக்காரரின் பங்கிலிருந்து போகிறது.

வண்டியில் இது நடப்பதைத் தனியாகப் பார்த்தால் தெளிவாகத் தெரியும். 3,00,000 ரூபாயில் ஏறிய வண்டிக்கு முதல் ஆண்டு தேய்மானம் 45,000, இரண்டாம் ஆண்டு 38,250, மீதி 2,16,750. அப்போது வண்டியை 2,10,000 ரூபாய்க்கு விற்றால் 6,750 ரூபாய் நட்டம். இரண்டு ஆண்டில் வண்டி நிறுவனத்துக்கு வைத்த செலவு 90,000. அதே வண்டி 3,40,000 ரூபாயில் ஏறியிருந்தால் தேய்மானம் 51,000, 43,350 என்று போய் மீதி 2,45,650 நிற்கும். அதே 2,10,000 ரூபாய்க்கு விற்றால் 35,650 நட்டம். மொத்தச் செலவு 1,30,000. வித்தியாசம் ஏற்றிப் போட்ட அதே 40,000. தேய்மான முறை எதுவாக இருந்தாலும், விற்கும் நாளில் கணக்கு இங்கேதான் வந்து நிற்கும்.

சரக்கின் மிகை எளிதில் கண்ணில் படாது. எண்ணிக்கைக் குறைவு முதல் ஆண்டு முடிவில் எண்ணும்போதே மொத்த இலாபத்தைக் கடித்துவிடும். ஓடாத சரக்கு அப்படியன்று. அதை மார்ச் 31 அன்று மறுபடி அதே விலைக்கு இறுதி இருப்பில் எழுதிவிட்டால் நட்டம் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும். அடுத்த ஆண்டும் எழுதினால் அதற்கடுத்த ஆண்டுக்கு. ஆண்டு விற்பனை 24,00,000, வழக்கமான மொத்த இலாபம் 15 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 3,60,000 வர வேண்டும். எழுபதாயிரமும் ஒரே ஆண்டில் வெளிப்பட்டால் 2,90,000, அதாவது 12 சதவீதத்துக்குச் சற்று மேல். வெளிப்படாவிட்டால் விகிதம் சரியாக இருப்பதுபோலவே தோன்றும். அதைக் கண்டுபிடிக்க இரண்டு பட்டியல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும்: முதல் நாள் ஒப்புக்கொண்ட சரக்குப் பட்டியல், ஆண்டு முடிவு இருப்புப் பட்டியல். முதல் பட்டியலின் உருப்படி ஒன்று இரண்டாவதிலும் அதே எண்ணிக்கையோடு அதே விலைக்கு உட்கார்ந்திருந்தால், அது பன்னிரண்டு மாதமாக அசையாத சரக்கு.

எண்ணும்போது கழிந்த எழுபதாயிரம் எங்கே போனது என்ற கேள்வியும் உண்டு. அது கடைக்காரரின் பழைய கடைக்குச் சொந்தமான நட்டம். 2024 மார்ச் 31இல் அவருடைய தனிக் கணக்கின் இறுதி இருப்பை அடக்க விலை அல்லது தேறும் விலை, இரண்டில் குறைந்ததில் எழுதினால் நட்டம் அங்கேயே, அவருடைய வருமானத்திலேயே கழிந்துவிடும். புதிய நிறுவனத்தின் முதல் ஆண்டுக்கு அது வந்து சேராது. மதிப்பைக் குறைத்துக்கொள்ளத் தயங்கும் கடைக்காரரிடம் இதைச் சொல்வது பயன்தரும்: நட்டம் அவருடையதே என்றாலும், அதற்கான வரிக் கழிவும் அவருக்கே முழுதாகக் கிடைக்கும்.

குறைத்து மதிப்பிட்டாலும் நியாயம் கெடும், திசை மட்டும் மாறும். வண்டியை 2,50,000 என்று ஒப்புக்கொண்டு ஆறு மாதத்தில் 2,90,000 ரூபாய்க்கு விற்றால், அந்த இலாபத்தைக் கொண்டுவந்தவர் முழுதாகக் கேட்க முடியாது. இங்கிலாந்தில் 1875இல் தீர்ப்பான ராபின்சன் எதிர் ஆஷ்டன் வழக்கு இதற்கு இன்றும் சொல்லப்படும் உதாரணம். ஒரு கூட்டாளி தன் பஞ்சாலையை ஒரு மதிப்பு வைத்துக் கூட்டாண்மைக்குள் கொண்டுவந்தார். பிற்பாடு அதன் மதிப்பு உயர்ந்தபோது, உயர்வு கூட்டாண்மைக்கே சேரும், கொண்டுவந்தவருக்கு மட்டுமன்று என்று நீதிமன்றம் சொன்னது. மதிப்பு வைத்து வரவு கொடுத்த கணமே பொருள் கைமாறிவிட்டது என்பதே அதற்குக் காரணம்.

இந்தியாவில் இதே கருத்தைக் கூட்டாண்மைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு வைக்கிறது: தொடக்கத்தில் நிறுவனத்துக்குள் கொண்டுவரப்பட்ட சொத்து நிறுவனத்தின் சொத்து, கூட்டாளிகள் வேறு மாதிரி ஒப்புக்கொண்டிருந்தால் ஒழிய. அத்தங்கி நாராயணப்பா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1966இல், அப்படிக் கொண்டுவந்த பிறகு கொண்டுவந்தவருக்கு அந்தப் பொருளின்மேல் தனி உரிமை இல்லை, கூட்டாண்மை நடக்கும்வரை இலாபத்தில் பங்கும், கலைந்தால் கடன்கள் போக மிஞ்சுவதில் பங்கும்தான் உண்டு என்று விளக்கியது. ‘வண்டி என்னுது, எடுத்துட்டுப் போறேன்’ என்ற பேச்சு கூட்டு உடையும்போது தவறாமல் வரும். சட்டத்தின் கண்ணில் அவருடையது வண்டியன்று, முதல் கணக்கின் இருப்பு. 48ஆம் பிரிவின் வரிசைப்படி முதலில் வெளிக்கடன், அடுத்து கூட்டாளி முதலுக்கு மேல் கொடுத்த முன்பணம், பிறகுதான் முதல். வண்டியே வேண்டுமென்றால் அன்றைய மதிப்பில் எடுத்துக்கொண்டு தன் கணக்கில் பற்று எழுதச் சம்மதிக்க வேண்டும்.

கொண்டுவந்தவருக்கு வண்டியின் உரிமையை விட மனமில்லை என்றால் அதற்கும் வழி இருக்கிறது. வண்டியை முதலாகக் கொடுக்காமல் நிறுவனத்தின் பயன்பாட்டுக்கு மட்டும் கொடுக்கலாம். மாத வாடகை வைத்துக்கொள்ளலாம். அப்போது வாகனக் கணக்கும் இல்லை, முதல் வரவும் இல்லை. தேய்மானமும் விலையேற்றமும் அவருக்கே. இரண்டில் எது என்று பத்திரத்தில் ஒரு வாக்கியம் எழுதாமல் விட்டதால் நீதிமன்றம்வரை போன சண்டைகள் நிறைய. சரக்கில் இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை. விற்பதற்காக வைத்த பெயின்ட் டின்னை இரவல் கொடுத்துத் திரும்ப வாங்க முடியாது. உள்ளே வந்த சரக்கு விற்றுப்போகும், அதன் இடத்தில் நிறுவனப் பணத்தில் வாங்கிய வேறு சரக்கு வந்துவிடும்.

கணக்கேட்டில் வண்டி கைமாறிவிட்டாலும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகப் பதிவில் மாறும்வரை வேலை முடியவில்லை. படிவம் 29, படிவம் 30, வங்கிக் கடன் இருப்பதால் வங்கியின் தடையில்லாச் சான்று, நிறுவனத்தின் பத்திர நகல் ஆகியவற்றோடு ஆர்.சி.யை நிறுவனத்தின் பெயருக்கு மாற்ற வேண்டும். மாநிலத்துக்குள்ளேயே கைமாறினால் கொடுப்பவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், பெறுபவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவு. குட்டியானை போன்ற, மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை என்பதால் அந்த ஒரு வேலை மிச்சம்.

மாற்றாமல் விட்டால் ஆபத்து கடைக்காரருக்கே. நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று சொல்லிவிட்டது. நிறுவனத்தின் டிரைவர் நிறுவனச் சரக்கை ஏற்றிப்போய் விபத்தானாலும் நோட்டீஸ் கடைக்காரரின் வீட்டு முகவரிக்கு வரும். இன்சூரன்சில் நிலைமை இன்னும் வேடிக்கை. வண்டி கைமாறும்போது மூன்றாம் நபருக்கான காப்பீடு 157ஆம் பிரிவின்படி தானாகவே பெறுபவருக்கு மாறியதாகக் கொள்ளப்படும். வண்டிக்கு நேரும் சொந்தச் சேதத்துக்கான காப்பீடு அப்படி மாறாது; பாலிசியைப் பெயர் மாற்றாமல் வைத்திருந்தால், அடிபட்ட வண்டிக்கு இழப்பீடு கேட்கும்போது நிறுவனத்துக்கும் பாலிசிக்கும் தொடர்பில்லை என்ற பதில் வரலாம்.

வரியில் ஒப்புக்கொண்ட மதிப்புக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. கூட்டாளி சொத்தை நிறுவனத்துக்குக் கொடுப்பது மூலதன ஆதாயம் தரும் கைமாற்றமா என்ற கேள்வி வெகுகாலம் இழுபறியாக இருந்தது. சுனில் சித்தார்த்பாய் வழக்கில் 1985இல் உச்ச நீதிமன்றம், கைமாற்றம்தான், ஆனால் அதற்குப் பதிலாகக் கிடைப்பது எவ்வளவு என்று அந்த நாளில் கணிக்க முடியாததால் ஆதாயத்தைக் கணக்கிட வழியில்லை என்றது. அரசு சும்மா இருக்கவில்லை. 1987ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தின் மூலம் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 45(3) பிரிவு நுழைந்தது: நிறுவனத்தின் ஏட்டில் எந்தத் தொகை எழுதப்படுகிறதோ அதுவே கூட்டாளி பெற்ற விலை. கணிக்க முடியாது என்று நீதிமன்றம் சொன்ன எண்ணை, கூட்டாளிகள் தாங்களே எழுதிக்கொண்ட எண்ணால் சட்டம் நிரப்பிவிட்டது.

நம் கடைக்காரருக்கு இதன் பொருள்: வண்டியை 3,00,000 என்று எழுதினால், அந்தத் தேய்மானத் தொகுப்பில் வேறு சொத்து இல்லாத பட்சத்தில், 3,19,345 ரூபாயிலிருந்து 19,345 ரூபாய் குறுகிய கால மூலதன நட்டம். 3,40,000 என்று எழுதியிருந்தால் 20,655 ரூபாய் குறுகிய கால ஆதாயம், அதற்கு அவர் அந்த ஆண்டே வரி கட்ட வேண்டும். கையில் ஒரு ரூபாய்கூட வராமல் வரி மட்டும் வரும். விலையைக் கூட்டிச் சொல்லும் ஆசைக்கு இருக்கும் சில கடிவாளங்களில் இது ஒன்று. நிறுவனத்தின் பக்கத்தில், தேய்மானத்தைக் கூட்டிக் காட்டுவதற்காகவே விலை ஏற்றப்பட்டதாகத் தோன்றினால் அடக்க விலையை வருமான வரி அதிகாரி மாற்றி நிர்ணயிக்கலாம். சரக்கு மூலதனச் சொத்து என்ற வரையறைக்குள் வராததால் 45(3) அதை நேரடியாகத் தொடுவதில்லை. ஆனால் சரக்கை அடக்க விலைக்கு மேலே ஏற்றி எழுதினால் அந்த ஏற்றத்தை வியாபார வருமானமாகப் பார்க்க வாய்ப்பு இருக்கிறது. அடக்க விலைக்கு மேற்படாமல் எழுதியவருக்கு அந்த விவாதமே எழாது.

ஜிஎஸ்டியில் கூட்டாண்மை புதிய பான் எண் கொண்ட வேறு ஆள். கடைக்காரரின் பழைய பதிவு அதற்குச் செல்லாது. புதிய பதிவு எடுக்க வேண்டும். முழுக் கடையும் கடன்களோடு சேர்ந்து நடக்கும் வியாபாரமாக மாறினால், பழைய பதிவில் மிஞ்சியிருக்கும் உள்ளீட்டு வரி வரவை ITC-02 படிவத்தின் மூலம், பட்டயக் கணக்காளர் அல்லது செலவுக் கணக்காளர் சான்றோடு, புதிய பதிவுக்கு மாற்றலாம். கடையைத் தன்னிடமே வைத்துக்கொண்டு வண்டியையும் கொஞ்சம் சரக்கையும் மட்டும் கொடுப்பவருக்கு இந்த வசதி கிடையாது. அவர் நிறுவனத்துக்கு வரியோடு பில் போடுவதே பத்திரமான வழி. அப்போது பில்லின் அடிப்படை மதிப்பும் பத்திரத்தில் ஒப்புக்கொண்ட மதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இவ்வளவும் கடைசியில் பத்திரத்தில் வந்து சேர்கிறது. முதல் பற்றிய ஷரத்தில் ‘முதல் கூட்டாளி தன் வாகனத்தையும் சரக்கையும் முதலாகக் கொண்டுவருகிறார்’ என்று மட்டும் எழுதும் பத்திரங்கள் ஏராளம். வண்டியின் பதிவு எண், எஞ்சின் எண், சேசிஸ் எண், ஒப்புக்கொண்ட மதிப்பு, கடன் பாக்கி, அதை யார் கட்டுவது, எந்தத் தேதியிலிருந்து நிறுவனத்தின் சொத்து ஆகியவை அந்த ஷரத்திலேயே இருக்க வேண்டும். சரக்குப் பட்டியல் பின்னிணைப்பாக, எண்ணிக்கையும் விலையும் வரிசையாக, ஒவ்வொரு பக்கத்திலும் இருவர் கையெழுத்தோடு இணைய வேண்டும். நம் கடையின் பட்டியல் முப்பத்தொரு பக்கம் வந்தது. பதினான்காம் பக்கத்தில், கலர் கலந்து திரும்பிவந்தவையும் கெட்டியானவையும் என்ற தலைப்பின் கீழ், 46,000 அடிக்கப்பட்டு பக்கத்தில் 10,000 என்று எழுதி இருவரும் சுருக்கொப்பம் இட்டிருந்தார்கள்.